89.46-க்கு A- கிடைக்குமா?

"அண்ணா, அமெரிக்காவில் இது என் முதல் செமஸ்டர். மதிப்பெண் பார்க்கும் கேன்வாஸ் தளத்தில் மொத்தம் 89.46 என்று காட்டுகிறது. 90 இருந்தால் A-. பேராசிரியர் 90 ஆக்கிவிடுவாரா? இதற்கு விதி எங்கே இருக்கும்?"

தம்பி, இங்கே நாடு முழுவதற்கும் பொதுவான விதி கிடையாது. பெரும்பாலும் அந்தந்தப் பாடத்தின் ஆசிரியரே முடிவு செய்கிறார். அதை அவர் எழுதி வைக்கும் இடம், முதல் வாரத்தில் தந்த சிலபஸ். அதில் "rounded" அல்லது "rounding" என்ற சொல்லைத் தேடுங்கள். "nearest whole number" என்றிருந்தால் 89.5 முதல் 90 ஆகும். "no rounding" என்றிருந்தால் 89.99-உம் B+ தான். எதுவுமே இல்லையென்றால் 90 ஆகும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். கேன்வாஸ் 89.99-ஐத் தானாக அடுத்த கிரேடுக்கு ஏற்றாது. ஏற்ற விரும்பும் ஆசிரியர் A- எல்லையையே 89.5 என்று அமைத்துவிடுவார்.

உங்கள் எண்ணில் ஒரு பொறி இருக்கிறது. 89.46-ஐ 89.5 ஆக்கி, பிறகு 90 ஆக்கலாம் என்று தோன்றும். அப்படி இருமுறை முழுமையாக்குவது கணக்கில் செல்லாது. முழு எண்ணுக்கு ஒரே தடவை கொண்டுபோனால் 89 தான் வரும். ஆகவே தாராளமான விதியிலும் நீங்கள் 0.04 கீழே நிற்கிறீர்கள்.

அதனால் முழுமையாக்கச் சொல்லிக் கேட்பதைவிட, கூட்டலைச் சரிபார்ப்பதே பலன் தரும். வீட்டுப்பாடம் 20%, இடைத்தேர்வு 30%, இறுதித்தேர்வு 50% என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் 94.3, 87, 89 பெற்றிருந்தால் 18.86, 26.1, 44.5 சேர்ந்து 89.46 வரும். இடைத்தேர்வு விடைத்தாளில் ஒரே ஒரு மதிப்பெண் கூட்டலில் விடுபட்டிருந்தால் மொத்தம் 0.3 கூடி 89.76 ஆகிவிடும். முழுமையாக்கும் விதி இருந்தால் அது A-.

கேன்வாஸ் மதிப்பெண் பக்கத்தில் "Calculate based only on graded assignments" என்ற கட்டத்தையும் பாருங்கள். அதில் குறி இருந்தால் இன்னும் மதிப்பெண் போடாத வேலைகள் கணக்கில் வராது. அப்போது 89.46 என்பது இறுதி மொத்தமாக இல்லாமலும் இருக்கலாம். சிலபஸில் உள்ள எடைகளை வைத்து நீங்களே கையால் ஒருமுறை கூட்டிப் பாருங்கள்.

மின்னஞ்சலைப் பல்கலைக்கழக முகவரியிலிருந்தே அனுப்புங்கள். மாணவர் தகவலைக் காக்கும் சட்டத்தால், வெளி முகவரிக்கு மதிப்பெண் பற்றி எழுத ஆசிரியர்கள் தயங்குவார்கள். "விசா, வேலை, ஸ்காலர்ஷிப்" என்று காரணம் அடுக்க வேண்டாம். ஒருவருக்கு மட்டும் ஏற்றினால் வகுப்புக்கே அநியாயம் என்று அவர்கள் உண்மையாகவே நினைக்கிறார்கள். எந்தக் கேள்வியில், எத்தனை மதிப்பெண் விடுபட்டது என்று மட்டும் எழுதுங்கள். கிரேடு பதிவாளரிடம் போய்விட்டால் மாற்றுவதற்குத் தனிப் படிவம் தேவைப்படும். மேல்முறையீட்டுக்குக் கெடுவும் உண்டு. கணக்குப் பிழை என்றால் அங்கே கேட்பார்கள். முழுமையாக்க மறுத்தார் என்பதை மட்டும் சொன்னால் பொதுவாக எடுபடாது. ஆகையால் இந்த வாரமே விடைத்தாளைப் பார்த்துவிடுங்கள்.