லோகோ திருத்தம் முடிவதாயில்லை

"திருநெல்வேலியில் ஒரு புடவைக்கடைக்கு 15,000 ரூபாய்க்கு லோகோ பேசினேன். ஏழு தரம் மாற்றியாயிற்று, இன்னும் மாற்றச் சொல்கிறார். எப்படி நிறுத்துவது?"

இதை இனி இலவசமாகத் தொடராதீர்கள். "இதுவரை செய்ததெல்லாம் பேசிய விலைக்குள். இனி ஒவ்வொரு திருத்தச் சுற்றுக்கும் 2,500" என்று வட்ஸ்அப்பில் எழுத்தில் அனுப்புங்கள். மீதிப் பணம் வரும்வரை மூலக்கோப்பைக் கொடுக்க வேண்டாம்; பார்க்கச் சின்னப் படம் போதும்.

அந்த 2,500 எப்படி வந்தது? வடிவமைக்க 8 மணித்தியாலம், இரண்டு சுற்றுத் திருத்தத்துக்கு நான்கு, மொத்தம் 12 என்று வையுங்கள். 15,000ஐப் பிரித்தால் மணிக்கு 1,250. ஒரு சுற்று இரண்டு மணித்தியாலம், அப்போ 2,500.

அடுத்த வேலைக்கு "இரண்டு திருத்தம்" என்று மட்டும் எழுதினால் காணாது. ஒவ்வொரு குரல் செய்தியும் ஒரு திருத்தமா என்ற சண்டை வரும். ஒரு சுற்று என்றால், எல்லாக் கருத்தும் ஒரே செய்தியில், ஐந்து நாளுக்குள், ஒரே ஆளிடமிருந்து. முதலாளி சரி சொன்னபிறகு கனடாவிலிருக்கும் அண்ணர் வேறு சொல்வார், அதற்குத்தான் அந்த 'ஒரே ஆள்'. நிறம், எழுத்துரு மாற்றுவது திருத்தம்; ஒப்புக்கொண்ட மயிலை விட்டுத் தாமரை கேட்டால் அது புது வேலை, புது விலை. பாதிப் பணம் கைக்கு வந்த பிறகே தொடங்குங்கள்.