நாப்சாக்கில் எடை லூப் ஏன் பின்னாலிருந்து ஓடுகிறது?

கேள்வி: ஒவ்வொரு பொருளையும் ஒரு முறை மட்டுமே எடுத்து, பையின் கொள்ளளவுக்குள் அதிக மதிப்பைச் சேர்க்கச் சொல்லும் 0/1 நாப்சாக்கை டேபிள் போட்டு எழுதினேன், சரியாக வந்தது. மெமரியைக் குறைக்க ஒரே அரேவாக மாற்றினேன். சாம்பிள் பாஸ் ஆகிறது, சப்மிட் செய்தால் ராங் ஆன்சர். உள் லூப்பைத் திருப்பி ஓட்டச் சொன்னான் நண்பன், ஓட்டியதும் சரியாகிவிட்டது. ஏன் என்று கேட்டால் அவனுக்கும் தெரியவில்லை. இதை மனப்பாடம் செய்துகொள்வதுதான் வழியா, சார்?

பதில்: மனப்பாடம் வேண்டாம். எட்டுக் கட்டம் போட்ட ஒரு தாளும் பென்சிலும் ரப்பரும் போதும்.

முதலில் உங்கள் டேபிளையே பாருங்கள். முதல் `i` பொருள்களை வைத்து `w` எடைக்குள் கிடைக்கும் அதிக மதிப்புதான் `dp[i][w]`. அந்தக் கட்டத்தை நிரப்ப இரண்டே கட்டங்களைப் பார்த்தீர்கள். ஒன்று, நேர் மேலே இருக்கும் `dp[i-1][w]`. இந்தப் பொருளை எடுக்காவிட்டால் கிடைப்பது. இன்னொன்று, மேல் வரிசையிலேயே இடப்பக்கம் தள்ளி இருக்கும் `dp[i-1][w-wt]`. எடுத்தால், மீதி இடத்தில் முந்தைய பொருள்களை வைத்து எவ்வளவு சேர்க்கலாம் என்பது. இரண்டுமே மேல் வரிசை. அதனால்தான் ஒரே வரிசை போதும் என்று தைரியமாக மற்றதைத் தூக்கி எறிகிறோம்.

ஆனால் தூக்கி எறிந்த பிறகு, பழைய வரிசை மேலேயே புதிய வரிசையை எழுதுகிறோம். லூப் பாதியில் இருக்கும்போது அந்த அரேயில் பாதி பழசு, பாதி புதுசு. நமக்கு வேண்டிய `dp[w-wt]` பழசாக இருக்க வேண்டும். அது எப்போதும் `w`-க்கு இடப்பக்கம்தான் இருக்கும். வலமிருந்து எழுதிக்கொண்டு வந்தால் இடப்பக்கம் முழுக்க இன்னும் தொடாத பழசு. இடமிருந்து எழுதினால் இடப்பக்கம் ஏற்கெனவே புதுசாகியிருக்கும். அதாவது, இப்போது கையில் வைத்திருக்கும் இதே பொருளை அது ஏற்கெனவே எடுத்திருக்கலாம்.

தாளில் செய்து பார்ப்போம். பையின் கொள்ளளவு 7. மூன்று பொருள்கள்: எடை 2 மதிப்பு 40, எடை 3 மதிப்பு 50, எடை 4 மதிப்பு 60. 0 முதல் 7 வரை எட்டுக் கட்டம், எல்லாவற்றிலும் 0. முதல் பொருளை இடமிருந்து வலமாக ஓட்டுங்கள். `w=2`: `dp[0]+40`, அதாவது 40. `w=3`: `dp[1]+40`, அதுவும் 40. இப்போது `w=4`. `dp[2]+40` என்று பார்க்கிறீர்கள். `dp[2]`-இல் இருந்த 0 போய்விட்டது. சற்றுமுன் நீங்களே எழுதிய 40 இருக்கிறது. கூட்டினால் 80. கையில் இருப்பது ஒரே ஒரு பொருள், அதன் மதிப்பு 40. 80 எங்கிருந்து வந்தது? அதே பொருளை இரண்டு முறை பைக்குள் போட்டுவிட்டீர்கள். `w=6`-க்கு வரும்போது மூன்று முறை:

```
இடமிருந்து:  0 0 40 40 80 80 120 120
வலமிருந்து:  0 0 40 40 40 40 40 40
```

வலமிருந்து ஓட்டும்போது `w=7`-க்கு `dp[5]` தேவை, அது இன்னும் 0. `w=4`-க்கு `dp[2]` தேவை, அதுவும் இன்னும் 0. `dp[2]` மாறுவது கடைசியில்தான். அதற்குள் அதைப் பார்க்க வேண்டியவர்கள் எல்லோரும் பார்த்து முடித்திருப்பார்கள். மற்ற இரண்டு பொருள்களையும் இப்படியே வலமிருந்து ஓட்டினால்:

```
எடை 3 முடிந்ததும்:  0 0 40 50 50 90 90 90
எடை 4 முடிந்ததும்:  0 0 40 50 60 90 100 110
```

விடை 110, அதாவது 3-ம் 4-ம். இடமிருந்து ஓட்டியிருந்தால் கடைசிக் கட்டத்தில் 130 வந்திருக்கும்: எடை 2 இரண்டு முறை, எடை 3 ஒரு முறை.

சாம்பிள் ஏன் பாஸ் ஆனது என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த இடம். மேலே முதல் பொருளின் மதிப்பை 40-க்குப் பதில் 30 ஆக்கிவிட்டு, இரண்டு திசையிலும் ஓட்டுங்கள். இரண்டிலும் 110 தான். தப்பான லூப் 2, 2, 3 என்று திருட்டுத்தனமாக எடுத்தாலும் 30+30+50 என்று அதே தொகைக்கே வந்து நிற்கிறது. அதே பொருள் இரண்டாம் முறை பைக்குள் இடம்பிடித்து, அதனால் லாபமும் இருந்தால் மட்டுமே பிழை வெளியே தெரியும். ஒவ்வொரு எடையும் கொள்ளளவில் பாதிக்கு மேல் என்றால் தெரியவே தெரியாது. அதனால் உங்கள் புரோகிராமைச் சோதிக்க ஒரே ஒரு பொருளைக் கொடுங்கள்: எடை 1, மதிப்பு 1, கொள்ளளவு 5. விடை 1 வர வேண்டும். 5 வந்தால் திசை தப்பு.

```cpp
for (int i = 0; i < n; i++)
    for (int w = W; w >= wt[i]; w--)
        dp[w] = max(dp[w], dp[w - wt[i]] + val[i]);
```

இடமிருந்து ஓடும் லூப்பை வீண் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே பொருளை எத்தனை முறை வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற நாப்சாக்குக்கு அதுதான் சரியான விடை. உங்கள் புரோகிராம் தப்பாக ஓடவில்லை. வேறொரு கணக்கைச் சரியாகப் போட்டது. திசை என்பது நாப்சாக்கின் விதி கிடையாது, பழசின் மேலேயே எழுதுவதால் வரும் கட்டாயம். பழசுக்கு ஒன்று, புதுசுக்கு ஒன்று என இரண்டு அரே வைத்துக்கொண்டால் எந்தத் திசையிலும் ஓட்டலாம்.

திசையைச் சரிசெய்த கையோடு சிலர் லூப்புகளை இடம் மாற்றிவிடுகிறார்கள்: எடை வெளியே, பொருள் உள்ளே. எடை மேலிருந்து கீழாக வந்தாலும் அப்போது பிழைதான். `dp[7]`-ஐ நிரப்பும் நேரத்தில் அதற்கு இடப்பக்கம் எல்லாமே 0, அதனால் மூன்றில் பெரிய மதிப்பு ஒன்று மட்டும் எடுத்து 60 என்று நிற்கும். விடை ஒரே பொருளின் மதிப்பாக வந்தால் இதைச் சந்தேகியுங்கள்.

பைத்தானில் எழுதுபவர்களுக்கு ஒரு பொறி. லூப் `range(W, wt-1, -1)` என்று இருக்க வேண்டும். `wt-1` என்பதில் அந்த -1-ஐ விட்டால் `w` சரியாக எடைக்குச் சமமாகும் கட்டம் விடுபடும். மாறாக 0 வரை ஓடவிட்டால் `dp[w-wt]`-இன் எண் மைனஸில் போகும். பைத்தான் பெரும்பாலும் எர்ரர் காட்டாது, அரேயின் வால் பக்கத்திலிருந்து மதிப்பை எடுத்துக் கொடுத்துவிடும். இதைத் தேடிக் கண்டுபிடிக்க ஒரு மாலைப்பொழுது போய்விடும்.

இவ்வளவு சிரமம் எதற்கு என்றால், CSES தளத்தின் Book Shop கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகங்கள் 1000 வரை, கையிருப்புப் பணம் 1,00,000 வரை. முழு டேபிள் `int`-இல் சுமார் 400 எம்பி பிடிக்கும். ஒரே அரே 0.4 எம்பி. நேரம் குறைவதில்லை, இரண்டிலும் அதே பத்துக் கோடி கட்டக் கணக்குதான்.

அதற்கு ஒரு விலை உண்டு. எந்தெந்தப் பொருளை எடுத்தோம் என்று கேட்டால் இந்த அரே சொல்லாது. மேல் வரிசைகளை அழித்துவிட்டோம். அந்தக் கேள்வியும் இருந்தால், `dp[w]` உயரும்போதெல்லாம் `take[i][w]`-இல் 1 என்று குறித்துவையுங்கள். முடிந்ததும் கடைசிப் பொருளிலிருந்து பின்னோக்கி வந்து, 1 இருந்தால் அந்தப் பொருளை எழுதிக்கொண்டு `w`-இலிருந்து அதன் எடையைக் கழியுங்கள். மேலே உள்ள கணக்கில் எடை 4-க்கு `w=7`-இல் 1 இருக்கும், `w` 3 ஆகும். எடை 3-க்கு அங்கே 1, `w` 0 ஆகும். எடை 2-க்கு 0. ஒரு கட்டத்துக்கு ஒரு பிட் போதும் என்பதால் Book Shop அளவுக்குக்கூட இது 12.5 எம்பி அளவில்தான் நிற்கும்.