ஆறு பேரின் பேட்டிக் குறிப்பிலிருந்து தீம் எடுப்பது எப்படி?

"ஆம்னி பஸ் டிக்கெட் ஆப் ஒன்றில் யூஎக்ஸ் இன்டர்னாக இருக்கிறேன். ஆளுக்கு 20 நிமிடம் என்று ஆறு பயணிகளிடம் பேசினேன். குறிப்புகளை பேமென்ட், சீட், போர்டிங் பாயின்ட், கேன்சல் என்று பிரித்துக் கொடுத்தேன். 'இதில் தீம் எங்கே?' என்று மேனேஜர் திருப்பிவிட்டார். குறிப்புகளை இணைத்திருக்கிறேன். என்ன செய்யட்டும் மேடம்?"

மேனேஜர் கேட்டது நியாயம்தான். நீங்கள் எழுதிய நான்கும் ஆப்பில் உள்ள திரைகள். யாரிடமும் பேசாமலே அவற்றை எழுதியிருக்கலாம். தீம் என்பது ஒரு முழு வாக்கியமாக இருக்க வேண்டும்: யார், எந்தச் சமயத்தில், எதற்காக அப்படிச் செய்கிறார்கள் என்று அது சொல்ல வேண்டும்.

முதலில் குறிப்புகளை உடையுங்கள். ஒரு துண்டுச் சீட்டில் ஒரே ஒரு விஷயம், மூலையில் பயணியின் எண். பெயரும் போன் நம்பரும் வேண்டாம். எனக்கு அனுப்பியதில் இரண்டும் இருந்தன, உடனே நீக்குங்கள். அவர் சொன்னது அவர் வார்த்தையிலேயே இருக்கட்டும். உங்கள் ஊகத்தை வேறு நிறச் சீட்டில் எழுதுங்கள். அப்புறம் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, ஒன்றோடொன்று ஒட்டுவதைப் பக்கத்தில் வையுங்கள். குவியலுக்குப் பெயர் வைப்பது கடைசியில்தான். ஜப்பானிய மானுடவியலாளர் ஜிரோ கவாகிதா 1960-களில் பரப்பிய முறை இது. தலைப்பை முதலில் வைத்துவிட்டால் சீட்டுகள் அதற்குள் போய் அடங்கிவிடும், புதிதாக எதுவும் தெரியாது.

உங்கள் குறிப்பிலேயே பாருங்கள். பயணி 1 பணம் கட்டியதும் ஸ்கிரீன்ஷாட் எடுக்கிறார். அதை பேமென்டில் வைத்தீர்கள். பயணி 2 சீட் போட்ட பிறகு டிராவல்ஸ் ஆபீசுக்குப் போன் செய்து "என் பேர் லிஸ்டில் இருக்கா?" என்று கேட்கிறார். அது 'சீட்' தலைப்புக்குப் போயிற்று. பயணி 5 இரவு பத்து மணிக்கு டிரைவரைக் கூப்பிட்டு வண்டி எங்கே வருகிறது என்று விசாரிக்கிறார். அது போர்டிங் பாயின்டில் கிடக்கிறது. மூன்றையும் சேர்த்துப் படித்தால், "டிக்கெட் உறுதி என்று ஆப் சொன்ன பிறகும் பயணிகள் கையில் ஒரு அத்தாட்சியோ ஒரு மனிதரின் வாய்ச்சொல்லோ தேடுகிறார்கள்" என்று வருகிறது. இதுதான் தீம்.

உடனே அதற்கு எதிரான சீட்டையும் தேடுங்கள். பயணி 3 எதுவும் செய்யாமல் நேராகப் போய் ஏறுகிறார். ஏன்? வாராவாரம் அதே வண்டியில் போகிறவர். ஆகவே உங்கள் வாக்கியத்தில் "பழகாத வண்டி என்றால்" என்று சேர்த்தால் அது இன்னும் சரியாகும்.

இனி என் பெரிய கவலைக்கு வருகிறேன். பயணி 4, பயணி 6 இருவரும் ஆள் பிடித்துத் தரும் ஏஜென்சி வழியாக வந்தவர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் பேச்சில் ஊர் இல்லை, நாள் இல்லை, வண்டி இல்லை. "யூஐ இன்னும் கிளீனா இருந்தா நல்லா இருக்கும்" என்கிறார்கள். காசு கொடுத்து டிக்கெட் எடுத்த பயணி இப்படிப் பேச மாட்டார். அன்பளிப்புக் கூப்பனுக்காக ஆய்வுக்கு ஆய்வு போகிறவர்கள் இருக்கிறார்கள். ஏஜென்சிக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன், அதனால் என்ன பதில் சொன்னால் தேர்வாகலாம் என்று சொல்லியே அனுப்புகிறவர்களும் உண்டு. "பஸ் ஆப் பயன்படுத்துவீர்களா?" என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்பார்கள். "கடைசியாக வெளியூர் எப்போது, எதில் போனீர்கள், எங்கே ஏறினீர்கள்?" என்று கேளுங்கள். பேட்டி தொடங்கியதும் அந்த டிக்கெட் எஸ்எம்எஸ்ஸைத் திறந்து பார்த்துக்கொண்டே பேசச் சொல்லுங்கள். போகாதவர் அங்கேயே தடுமாறுவார். அந்த இருவரையும் ஒதுக்கிவிட்டு, புதிதாக இருவரிடம் பேசுங்கள்.

நேரமில்லை என்று ஆபீசில் சொல்வார்கள். ஒரு வாரத்தில் ஆள் தேடி, பேசி, தீமும் எடு என்று இன்டர்ன் தலையில் கட்டுவது, ஏற்கெனவே முடிவுசெய்த டிசைனுக்கு ஒரு ஸ்லைடு தேடுவதற்காகத்தான். "ஐந்து பேர் போதும் என்று ஜேக்கப் நீல்சன் சொல்லியிருக்கிறாரே" என்றும் வாதிடுவார்கள். இணையதளங்களின் பயன்பாட்டை ஆராயும் நிபுணரான அவர் 2000-இல் எழுதியது, திரையைக் கொடுத்து வேலை செய்யச் சொல்லிக் கோளாறு கண்டுபிடிக்கும் சோதனைக்கு. உங்கள் பேட்டிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. பேசியது ஆறே பேரிடம் என்பதால் "50 சதவீதப் பயணிகள்" என்றும் எழுதாதீர்கள். ஆறில் மூவர் என்றே எழுதுங்கள்.

ஒருவர் மட்டும் சொன்னது தீம் ஆகாது. ஆனால் ஆபத்து என்றால் அது வேறு. பயணி 2 சொன்ன இன்னொன்றைக் கேன்சலுக்கு அடியில் புதைத்திருக்கிறீர்கள்: விடியற்காலை மூன்றரை மணிக்கு, ஊருக்குள் போகாமல் பைபாஸிலேயே இறக்கிவிட்டார்கள், தனியாக நின்றார். இன்னும் இரண்டு பேர் சொல்லட்டும் என்று இதில் காத்திருக்கக் கூடாது. எத்தனை பேருக்கு நடக்கிறது என்பதை உங்கள் பேட்டி சொல்லாது, நடக்கிறது என்பதைச் சொல்லிவிட்டது. எரிச்சல் தரும் குறைகளுக்கு இந்தச் சலுகை கிடையாது. உயிர், பணம், மானம் மூன்றில் ஒன்றுக்குக் கேடு வந்தால் மட்டும். தீம்களோடு கலக்காமல் தனித்தாளில், "ஒருவர் சொன்னது, உடனே விசாரிக்க வேண்டும்" என்று மேலே எழுதி, அவர் சொன்ன வார்த்தைகளை அப்படியே வைத்து, வெள்ளிக்கிழமை மீட்டிங் வரை வைத்திருக்காமல் இன்றைக்கே மேனேஜரிடம் கொடுங்கள்.