பினாயில் அடக்க விலை: பெரிய டேங்க் வாங்கினால் குறையுமா?

"100 லிட்டர் டிரம்மில் பினாயில் கலக்குகிறேன், மாதம் 500 லிட்டர் போகிறது. பெரிய யூனிட்காரர் லிட்டருக்கு பத்து ரூபாய் குறைத்து விற்கிறார். நானும் 1000 லிட்டர் டேங்க் வாங்கலாமா?"

வாங்கும் முன் உங்கள் செலவை இரண்டாகப் பிரியுங்கள்: ஒரு கலவைக்கு ஆவது, ஒரு பாட்டிலுக்கு ஆவது.

எடை போடுவது, கலக்குவது, டேங்க் கழுவுவது எல்லாம் 100 லிட்டருக்கும் 1000 லிட்டருக்கும் ஏறக்குறைய ஒரே நேரம்தான். இரண்டு ஆள், மூன்று மணி நேரம், கூலி 450 ரூபாய் என்று வைத்தால், உங்களுக்கு லிட்டருக்கு நாலரை ரூபாய். அவருக்கு 45 பைசா. டேங்க் விலையும் அப்படியே. கொள்ளளவு பத்து மடங்கானால் தகட்டின் பரப்பு சுமார் 4.6 மடங்குதான் கூடும். தகடு கொஞ்சம் தடிமனாக வேண்டியிருக்கும், ஆனாலும் விலை பத்து மடங்காகாது. மீதி வித்தியாசம் மூலப்பொருளை கேனில் வாங்காமல் பேரலில் வாங்குவதில் வரும்.

கையால் பாட்டில் நிரப்பும் கூலி மட்டும் எந்த டேங்க் வந்தாலும் குறையாது.

உங்கள் விற்பனைக்கு 1000 லிட்டர் என்றால் இரண்டு மாதச் சரக்கில் பணம் முடங்கும். அளவு தப்பினால் மொத்தமும் வீண். 500 லிட்டர் போதும். ஐந்து கலவை ஒன்றாகி மாதம் 1800 ரூபாய் மிச்சம். டேங்க் 27,000 என்றால் 15 மாதத்தில் போட்ட பணம் திரும்பும்.

பழைய கலக்கியை அப்படியே மாட்டாதீர்கள், அடிவரை எட்டாது. மேலிருந்தும் அடியிலிருந்தும் மாதிரி எடுத்துத் தண்ணீரில் விடுங்கள். இரண்டும் ஒரே மாதிரி வெளுக்காவிட்டால் கலவை சேரவில்லை.