ஒரே வெள்ளத்துக்கு மூன்று விடை: விபரிக்க, விளக்குக, மதிப்பிடுக

பதில் தருபவர்: கொழும்பில் உயர்தரப் புவியியல் படிப்பிக்கும் ஆசிரியர்

உயர்தர மாணவி, வெள்ளவத்தை: சேர், கொழும்பின் மழைவீழ்ச்சி வரைபைத் தந்து "விபரிக்க" என்று கேட்டார்கள். தென்மேல் பருவப்பெயர்ச்சி, மேற்காவுகை மழை என்று ஒரு பக்கம் நிரப்பினேன். நாலு புள்ளிக்கு ஒன்றுதான் வந்தது.

அந்த ஒரு புள்ளியும் இடையில் எங்கோ "மே மாதம் கூட" என்று எழுதியதற்காக இருக்கும். பருவப்பெயர்ச்சி உங்கள் தலையில் இருக்கிறது, பிள்ளை, வரைபில் இல்லை. விபரிக்கச் சொன்னால் வரைபைப் பார்க்காத ஒருவருக்கு அதன் உருவம் தெரிய வேண்டும்.

1961–1990 சராசரியில் வரைந்த வரைபை வைத்துக்கொள்வோம். முதலில் மொத்தக் கோலத்தைச் சொல்லுங்கள்: ஆண்டு முழுவதும் மழை உண்டு, ஆனால் இரண்டு உச்சங்கள். பிறகு எண்கள்: ஓர் உச்சம் மே மாதம், 400 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. மற்றது ஒக்டோபர், நவம்பரில், நவம்பர் 400ஐத் தாண்டுகிறது. மிகக் குறைவு ஜனவரியில், 60 அளவில். நடுவில் ஜூலை, ஓகஸ்டில் ஓர் இறக்கம். அவ்வளவுதான், நாலு புள்ளி முடிந்தது. காரணம் ஒரு வரி கூட வேண்டாம். எழுதினால் புள்ளி குறைக்க மாட்டார்கள், ஆனால் அடுத்த வினாவுக்கான நேரம் போய்விடும்.

அப்புறம் ஒன்று. பன்னிரண்டு மாதத்தையும் வரிசையாக வாசித்துக்கொண்டு போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அதில் எண்கள் இருக்கும், கோலம் இருக்காது.

மாணவன், கொட்டாஞ்சேனை: விபரிக்க என்றால் "என்ன", விளக்குக என்றால் "ஏன்". அப்படியானால் "ஏனெனில்" போட்டு ஆறு காரணத்தை அடுக்கினால் விளக்குகவுக்கு முழுப்புள்ளி வரும்தானே?

முதல் பாதி சரி. இரண்டாவதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். 2016 மே மாதம் களனி கங்கை பெருகி கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் மூழ்கியதை எடுங்கள். "கடும் மழை பெய்தது, சதுப்பு நிலம் நிரப்பப்பட்டது, சனத்தொகை கூடியது, குப்பை போட்டார்கள்" என்று எழுதினால் அது காரணங்களின் பட்டியல். அந்தக் காரணம் வெள்ளமாக மாறிய வழியை எழுதினால்தான் விளக்கம்.

இப்படி எழுதிப் பாருங்கள். வங்காள விரிகுடாவில் உருவான தாழமுக்கத்தால் களனியின் மேல் வடிநிலத்தில் தொடர்ந்து கடும் மழை பெய்தது. அங்கே சரிவு செங்குத்து, ஆகவே நீர் மண்ணில் ஊற நேரமின்றி வேகமாக ஆற்றுக்கு இறங்கியது. ஹங்வெல்லைக்குக் கீழே நிலம் ஏறத்தாழ மட்டம், அதனால் வந்த வேகத்தில் நீர் கடலுக்குப் போக முடியாமல் தேங்கிக் கரையை மீறியது. முன்பு அந்த மேலதிக நீரைப் பிடித்து வைத்த சதுப்பு நிலங்கள் பல நிரப்பப்பட்டிருந்தன, ஆகவே அது வீடுகளுக்குள் பரவியது.

இதில் காரணம் நாலுதான், ஆனால் ஒவ்வொன்றும் அடுத்ததற்குள் போகிறது. உங்கள் விடையைச் சோதிக்க ஒரு வழி: வாக்கியங்களின் இடத்தை மாற்றிப் பாருங்கள். மாற்றியும் விடை அப்படியே நின்றால் நீங்கள் எழுதியது பட்டியல்.

உயர்தர மாணவன், தெமட்டகொடை: "குறிப்பிடுக", "பெயரிடுக" இரண்டுக்கும் எவ்வளவு எழுத வேண்டும்?

ஒரு சொல், கூடினால் ஒரு வரி. அதற்கு மேல் எழுதாதீர்கள்.

ஒரு தாய், பம்பலப்பிட்டி: மகன் லண்டன் ஏ.எல். செய்கிறார். "அஸெஸ்" என்று வருகிற கேள்விகளுக்கு நன்மை, தீமை இரண்டும் அழகாக எழுதுகிறார், கடைசியில் "ஆகவே இரண்டும் முக்கியம்". புள்ளி பாதிதான். ஆங்கிலத்துக்குத் தனியாக டியூஷன் போடட்டுமா?

ஆங்கிலத்தை விடுங்கள் அம்மா. தமிழில் எழுதும் பிள்ளைகளும் இதே இடத்தில்தான் நிற்கிறார்கள். மதிப்பிடச் சொன்னால் தீர்ப்புச் சொல்ல வேண்டும், தீர்ப்புக்கு ஓர் அளவுகோல் வேண்டும். மகன் இரு பக்கத்தையும் காட்டுகிறார், எதை வைத்து நிறுத்துப் பார்த்தார் என்று சொல்லவில்லை.

"கொழும்பில் வெள்ளத்தைக் குறைக்க எடுத்த நடவடிக்கைகள் எந்தளவு பயனளித்தன என மதிப்பிடுக" என்று ஒரு வினாவை வைத்துக்கொள்வோம். நான் முதலில் எந்த வெள்ளம் என்று கேட்பேன். 2010 நவம்பரில் பாராளுமன்ற வளவுக்குள் தண்ணீர் புகுந்ததே, அது நகரத்தின் மேலேயே கொட்டிய மழை வடிய வழியில்லாமல் தேங்கியது. 2016 மே வெள்ளமோ மலையிலிருந்து ஆற்றில் வந்த நீர். 2012இல் உலக வங்கிக் கடனுடன் தொடங்கிய கொழும்பு பெருநகரத் திட்டத்தில் கால்வாய்களைச் சீராக்கினார்கள், நீர் தங்கும் ஏரிகளையும் சதுப்பு நிலங்களையும் மேம்படுத்தினார்கள். இவை முதல் வகை வெள்ளத்துக்குப் பொருத்தமானவை. களனி நிரம்பி வரும்போது நிலைமை வேறு. ஆற்று மட்டம் உயர்ந்தால் கால்வாய் நீர் அதற்குள் தானாக வடியாது, மலையிலிருந்து வரும் நீரை இந்த வேலைகள் மேலே தடுத்து வைப்பதும் இல்லை.

ஆகவே தீர்ப்பு: நகருக்குள் பெய்யும் மழைக்குக் கணிசமான பயன், களனிப் பெருக்குக்குச் சிறிதளவே. இந்த வரியை முதல் பந்தியிலேயே எழுதச் சொல்லுங்கள். பிறகு வருகிற ஒவ்வொரு பந்தியும் அதைத் தாங்க வேண்டும், அல்லது அதற்கு வரம்பு வைக்க வேண்டும்.

மாணவி, வெல்லம்பிட்டி: 2016இல் எங்கள் வீட்டில் கூரை மட்டும்தான் தெரிந்தது. நாங்கள் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கினோம். அதை விடையில் எழுதலாமா, சேர்?

எழுதலாம், கதையாக அல்ல. "எங்கள் வீடு மூழ்கியது, அம்மா அழுதார்" என்பதற்குத் திருத்துபவரால் புள்ளி போட முடியாது, மனசு கஷ்டப்படும், அவ்வளவுதான். நீங்கள் கண்டதில் புவியியல் இருக்கிறது. உங்கள் வீடு ஆற்றோரத் தடுப்பு பண்டுக்கு எந்தப் பக்கம்? அதே நாளில் கொழும்பு நகரத்துக்குள், பண்டின் மறுபக்கம் இருந்தவர்களுக்கு என்ன நடந்தது? அந்த வித்தியாசம் மதிப்பிடுகவில் தங்கம். பண்டு பயனளித்ததா என்ற கேள்விக்கு "யாருக்கு" என்று திருப்பிக் கேட்கும் விடையை மனப்பாடக் குறிப்பிலிருந்து எழுத முடியாது. விபரிக்க என்று வந்தால் மட்டும் இதைத் தொடாதீர்கள், தந்த படத்தோடு நில்லுங்கள்.

ஓர் ஆசிரியை, தெஹிவளை: ஐயா, நீங்கள் இவ்வளவு கறாராகப் பிரிக்கிறீர்கள். "ஆராய்க" என்று வந்தால்? நான் தீர்ப்பு வேண்டாம் என்றே படிப்பிக்கிறேன். விளக்கத்தை ஆழமாக எழுதினால் போதும் என்பது என் அனுபவம்.

இதில் உங்களோடு முழுக்க ஒத்துப்போக முடியவில்லை, மிஸ், முழுக்க மறுக்கவும் முடியவில்லை. "காரணிகளை ஆராய்க" என்றால் நீங்கள் சொல்வது சரி, காரணிகள் ஒன்றோடொன்று எப்படிப் பிணைந்தன என்று காட்டினால் போதும். "விமர்சன ரீதியாக ஆராய்க" என்றால் தீர்ப்பில்லாமல் தப்ப முடியாது. வெறும் "ஆராய்க" மட்டும் வந்தால் புள்ளித்திட்டம் எந்தப் பக்கம் சாயும் என்று வினாத்தாளைப் பார்த்துச் சொல்வது கடினம். என் பிள்ளைகளுக்கு நான் சொல்வது, விளக்கத்தை முழுதாக எழுதிவிட்டு எந்தக் காரணி மேலோங்கியது என்று இரண்டு வரி சேர்க்கச் சொல்வதுதான். அந்த இரண்டு வரி நேர விரயம் என்று நீங்கள் சொல்லக்கூடும். எட்டுப் புள்ளி வினாவென்றால் நான் அப்படி நினைக்கவில்லை. நாலு புள்ளி என்றால் உங்கள் பக்கம்தான்.