வெள்ளி பின்னேரம் வரும் வேலைக்கு என்ன விலை?

கேள்வி: களுவாஞ்சிக்குடியில் வீட்டிலிருந்தே தட்டச்சும் நினைவு மலர் வடிவமைப்பும் செய்கிறேன். பக்கத்துக்கு 350 ரூபாய். வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்து திங்கள் காலை வேணும் என்கிறார்கள். ஆயிரம் ரூபாய் கூடக் கேட்டாலே முகம் மாறுகிறது. ஆட்களை இழக்காமல் எப்படிக் கேட்பது?

பதில்:

தங்கச்சி, அந்த ஆயிரத்தை நீங்கள் பில் எழுதும்போதுதான் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வேலை கைக்கு வந்தபிறகு கூடுதல் காசு கேட்டால் யாருக்கும் முகம் மாறத்தான் செய்யும். அதே காசை, இன்னும் பெரிய தொகையாகவே, வெள்ளி பின்னேரம் வாசலில் நிற்கும்போது சொல்லியிருந்தால் பாதிப் பேர் "ஓம்" என்றிருப்பார்கள். மீதிப் பேர் "அப்ப வியாழக்கிழமை தந்தாலும் பரவாயில்லை" என்றிருப்பார்கள். இரண்டுமே உங்களுக்கு லாபம்தான்.

ஆயிரம் என்ற தொகையும் பிழை. உங்களிடம் அடிக்கடி வரக்கூடிய ஒரு வேலையை வைத்தே கணக்குப் பார்ப்போம். 31ஆம் நாள் நினைவு மலர், 48 பக்கம். உங்கள் விலையில் 16,800 ரூபாய். தட்டச்சு, படம் வைத்தல், பிழை திருத்தம் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 20 மணித்தியாலம் என்று வையுங்கள். அப்படியென்றால் உங்கள் ஒரு மணித்தியாலம் 840 ரூபாய். கிழமை நாளில் என்றால் ஐந்தாறு நாளில் ஆறுதலாக முடிப்பீர்கள்.

அதையே சனி, ஞாயிறில் முடிக்க வேண்டுமென்றால் தட்டச்சுக்கு இன்னொரு பிள்ளையைக் கூப்பிடுவீர்கள். வழமையாக மணிக்கு 300 கொடுக்கிறீர்கள் என்றால், லீவு நாளில் 450 கொடுங்கள். கடை, அலுவலக ஊழியருக்கு மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு என்பது இந்த நாட்டுச் சட்டத்திலேயே உள்ள அளவு. வீட்டில் வந்து உதவும் பிள்ளைக்கும் அதையே கொடுப்பது நியாயம். எட்டு மணித்தியாலத்துக்கு 1,200 ரூபாய் கூடுதல். டேட்டா, கரண்ட் போனால் ஜெனரேட்டருக்குப் பெற்றோல், ஓட்டோ என்று ஒரு 800. ஆக, கையிலிருந்து போகும் காசே 2,000. நீங்கள் கேட்ட ஆயிரம் அதற்கே காணாது; உங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு நீங்களே ஆயிரம் ரூபாய் கட்டியிருக்கிறீர்கள்.

மீதி 12 மணித்தியாலம் உங்களுடையது. அதற்கும் அரைப் பங்கு கூட்டுங்கள்: 420 வீதம் 5,040. இரண்டையும் சேர்த்தால் 7,040. அவசரக் கட்டணம் 7,000 ரூபாய், மொத்தம் 23,800.

ஆட்களிடம் சதவீதம் கதைக்க வேண்டாம். "நாற்பது சதவீதம் கூட" என்றால் கொள்ளையடிப்பது போலக் கேட்கும். "அடுத்த வெள்ளிக்கிழமை நான் தந்தால் 16,800, இந்தத் திங்கள் காலை தந்தால் 23,800, எது வசதி?" என்று கேளுங்கள். இரண்டு திகதி, இரண்டு விலை, தெரிவு அவர்களுடையது. ஒரே விலையைச் சொன்னால் ஆட்கள் பேரம் பேசுவார்கள், இரண்டு விலை சொன்னால் யோசிப்பார்கள். சனிக்கு ஒரு கட்டணம், ஞாயிறுக்கு இன்னொன்று, அவசரத்துக்குத் தனியாக ஒன்று என்று அடுக்கவும் வேண்டாம். ஆளுக்கும் விளங்காது, உங்களுக்கும் ஞாபகம் இருக்காது.

இந்தக் கட்டணம் உங்கள் வேலைக்கு மட்டும். அச்சகக் காசுக்கு மேல் போடாதீர்கள். அச்சகம் அவசரத்துக்குக் கூடுதலாகக் கேட்டால் அவர்களுடைய துண்டை அப்படியே காட்டி வாங்குங்கள். மொத்தத் தொகையில் நாற்பது வீதம் போட்டு, கடதாசிக்கும் சேர்த்து அவசரக் காசு வாங்கியவர்களை எனக்குத் தெரியும். ஒரு தடவை வாங்கலாம். அந்தக் குடும்பம் அடுத்த மலருக்கு வராது.

வாயால் சொன்னது போதாது. வேலையைத் தொடுவதற்கு முன்னர் வாட்ஸ்அப்பில் இப்படி ஒன்று அனுப்புங்கள்:

"நினைவு மலர் 48 பக்கம். வழமையான விலை 16,800. திங்கள் காலை 9 மணிக்குத் தருவதற்கு அவசரக் கட்டணம் 7,000. மொத்தம் 23,800. படங்களும் எழுத்தும் இன்று இரவு 8 மணிக்குள் முழுதாகக் கிடைக்க வேண்டும். பிந்தினால் தரும் நேரமும் பிந்தும், கட்டணம் குறையாது. நான் பிந்தினால் 7,000 வேண்டாம். சம்மதமென்றால் 'ஓம்' என்று எழுதி, பாதிக் காசு போட்டுவிடுங்கள்."

"நான் பிந்தினால் வேண்டாம்" என்ற வரியை எடுத்துவிடாதீர்கள். ஆட்கள் கூடுதல் காசு தரச் சம்மதிப்பது அந்த வரியால்தான். அவர் பிந்தினாலும் கட்டணம் குறையாததற்குக் காரணம், அந்தச் சனி, ஞாயிறை நீங்கள் ஏற்கெனவே அவருக்காக ஒதுக்கி, வேறு வேலையைத் தள்ளி வைத்துவிட்டீர்கள்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒரு விசயம். இதைச் சொல்லாமல் விட்டால் மேலே போட்ட கணக்கெல்லாம் வேறு யாருடைய பைக்கோ போகும்.

உங்களிடம் வருபவர்களில் எத்தனை பேர் குடும்பத்து ஆட்கள், எத்தனை பேர் இடையில் நிற்பவர்கள்? வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் "மலர் வேலை எல்லாம் நான் பார்க்கிறேன்" என்று பொறுப்பெடுப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். சிலர் நல்லவர்கள். சிலர் அங்கே அவசரக் கட்டணம் என்று வாங்கிக்கொண்டு, இங்கே வந்து "பாவப்பட்ட சனம் தங்கச்சி, பார்த்துச் செய்யுங்க" என்பார்கள். பல வருடத்துக்கு முன் நான் செய்த மலர் ஒன்றுக்கு, அந்த வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு இருக்கும்போது மூத்த மகன் கணக்குத் துண்டைக் காட்டினார். அதில் "டிசைன் அவசரம் 15,000" என்று ஒரு வரி. எனக்கு ஒரு சதமும் வரவில்லை. இரண்டு இரவு முழித்திருந்தது நான்தான்.

இப்படிப்பட்ட ஆளை எப்படிப் பிடிப்பது? "புரூப் பார்ப்பது யார், அவருடைய இலக்கத்தைத் தாருங்கள்" என்று கேளுங்கள். கொடுக்க மாட்டார். "நானே பார்க்கிறேன்" என்பார். இரண்டாவது, அவர் தரும் படங்களின் திகதியைப் பாருங்கள். வீட்டார் எழுத்தையும் படத்தையும் பத்து நாளைக்கு முன்னரே அனுப்பியிருப்பார்கள், இவர் வெள்ளி பின்னேரம் வரை போனுக்குள்ளேயே வைத்திருந்திருப்பார். அவசரத்தை உண்டாக்கியவரே அவசரக் காசையும் வைத்துக்கொள்கிறார்.

அதற்கு மருந்து இதுதான்: பில்லில் அவசரக் கட்டணத்தைத் தனி வரியாக, திகதியும் நேரமும் போட்டு எழுதுங்கள். புரூப்பை அனுப்பும்போது வீட்டாரையும் சேர்த்து அனுப்புங்கள். கொமிஷன் கொடுப்பதென்றால் 16,800இல் கொடுங்கள், 7,000இல் ஒரு ரூபாயும் வேண்டாம். அதில் பங்கு கிடைக்காது என்று தெரிந்தால், அடுத்த தடவை வேலை செவ்வாய்க்கிழமையே வந்துவிடும். நான் சும்மா சொல்லவில்லை, கண்டிருக்கிறேன்.

சரி, யாரிடம் வாங்கக்கூடாது? ஒரு இடத்தைத்தான் நான் அழுத்திச் சொல்வேன்: மரண அறிவித்தல். ஆள் மோசம் போய் ஒரு மணித்தியாலத்தில் வந்து நிற்பார்கள், மூன்று மணித்தியாலத்தில் பனர் கட்டியாக வேண்டும். இது இயற்கையிலேயே அவசர வேலை, ஆறுதலாகச் செய்யும் மரண அறிவித்தல் என்று ஒன்று இல்லை. வழமையான விலை என்று ஒன்று இல்லாத இடத்தில் கூடுதல் கட்டணம் என்பதும் இல்லை. எனவே ராத்திரியோ ஞாயிறோ போயாவோ, எந்த நேரத்துக்கும் ஒரே விலையாக, அந்த அவசரத்தையும் உள்ளே சேர்த்து முன்னரே வையுங்கள். அழுதுகொண்டு நிற்பவரிடம் "ஞாயிற்றுக்கிழமை என்பதால் கூட" என்று சொன்னால் அந்தத் தெருவில் யாரும் உங்களை மறக்க மாட்டார்கள். ஆனால் 31ஆம் நாள் மலர் அப்படி இல்லை. ஆள் மோசம் போன அன்றே அந்தத் திகதி எல்லோருக்கும் தெரியும். 27ஆம் நாள் வந்து "திடீரென்று வந்துவிட்டது" என்றால் அதற்கு நீங்கள் பொறுப்பில்லை. இந்த இரண்டையும் குழப்பித்தான் நம் ஆட்கள் மலருக்கும் இரக்கப்பட்டுக் காசை விடுகிறார்கள். சொந்தம், கோயில், பாடசாலை என்று வேறு விலக்குக் கேட்காதீர்கள். எல்லோரும் சொந்தம்தான்.

அரச அலுவலக வேலைகளுக்கு இந்த வழி எதுவும் சரிவராது. டிசம்பர் 31உடன் அந்த வருடத்து ஒதுக்கீடு முடிகிறது என்று, பதினொரு மாதம் தூங்கிவிட்டு 27ஆம் திகதி வந்து பனர், அறிக்கை, சான்றிதழ் என்று கேட்பார்கள். மழையும் கரண்ட் வெட்டும் அதே கிழமையில்தான். "அவசரக் கட்டணம்" என்று ஒரு வரி போட்டால் கணக்குக் கிளையில் திருப்பி அனுப்புவார்கள், காசும் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அங்கே தனி வரி வேண்டாம். விலைக்கூறிலேயே தரும் திகதியை எழுதி, அந்தத் திகதிக்கு உரிய முழு விலையைப் போடுங்கள். கிடைத்தால் கிடைக்கட்டும்.

கடைசியாக, வெளிநாட்டு வீட்டாரின் நேரம். பல அவசர வேலைகள் பிழைத்துப் போவது இங்கேதான். டொரன்டோ கோடை காலத்தில் நமக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால் நிற்கிறது, குளிர் காலத்தில் பத்தரை. ஞாயிறு மத்தியானம் புரூப் அனுப்பினால் அங்கே நடுச்சாமம், யாரும் பார்க்க மாட்டார்கள். திருத்தம் நமக்கு ஞாயிறு இரவு வந்து சேரும், நீங்கள் திங்கள் விடிய விடிய முழிக்க வேண்டும். அதனால் புரூப்பைச் சனி இரவு 8 மணிக்கு அனுப்பிவிடுங்கள். கோடையில் அங்கே சனி காலை பத்தரை. திருத்தம் எல்லாம் ஒரே தடவையாக, நம் நேரம் ஞாயிறு காலை 8 மணிக்குள் வர வேண்டும் என்று எழுதுங்கள். அங்கே அது சனி இரவு பத்தரை, முழுப் பகலும் அவர்களுக்கு இருந்திருக்கிறது. பிள்ளைகள் அறநெறிப் பாடசாலைக்குப் போய் வருவதற்குள் திருத்தத்தைப் போட்டுவிடலாம். அதற்குப் பிறகு "மாமாவின் பெயர் விடுபட்டுவிட்டது" என்று வந்தால் அந்தப் பெயரை மட்டும் காசில்லாமல் போடுங்கள். புதிதாக ஒரு பக்கம் அனுப்பினால் பக்கத்துக்கு 350க்குப் பதில் 500 என்று அந்த வாட்ஸ்அப் செய்தியிலேயே முன்கூட்டி ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.