வந்த பணமெல்லாம் விற்பனையா? ஆன்லைன் வியாபாரிகளுக்கான கணக்குக் கேள்வி பதில்

தங்கச்சிமடத்திலிருந்து: "கருவாடு ஆன்லைன்ல விற்கிறேன். போன வருஷம் 18 லட்சம் வந்துச்சு. நெத்திலி நானே காசு கொடுத்து வாங்கி வைக்கிறது, அது 11 லட்சம். மீதி 7 லட்சம் பக்கத்து வீட்டுக்காரங்க காயவச்சு பாக்கெட் போட்டுக் கொடுக்கிறது. வித்தா 15 பர்சென்ட் எனக்கு, விக்காததைத் திருப்பிக் கொடுத்துருவேன். லோனுக்கு பேங்க்ல கணக்கு கேக்குறாங்க. 18 லட்சம்னு காட்டலாமா?"

காட்டக் கூடாது அக்கா. உங்களிடம் ஒரே கடைக்குள் இரண்டு வியாபாரம் நடக்கிறது. எந்தச் சரக்கு எந்தப் பக்கம் என்று பிரிக்க ஒரு கேள்வி போதும்: வாங்குபவர் கைக்குப் போவதற்கு முந்தின நிமிஷம் வரை அந்தச் சரக்கு யாருடையது? ஐப்பசி மழையில் ஈரம் ஏறி இரண்டு மூட்டை பூஞ்சை பிடித்துவிட்டது என்று வையுங்கள். நெத்திலி மூட்டை என்றால் உங்கள் காசு போச்சு, யாரிடமும் போய்க் கேட்க முடியாது. வீட்டுக்காரர்கள் கொடுத்த பாக்கெட் என்றால் (நீங்கள் கவனக்குறைவாக வைத்திருந்தால் தவிர) நஷ்டம் அவர்களுக்கு. விற்காவிட்டாலும் அப்படித்தான். ஆக நெத்திலியில் நீங்கள் சொந்தச் சரக்கை விற்கும் பிரின்சிபல், பாக்கெட்டில் அடுத்தவர் சரக்கை விற்றுக்கொடுக்கும் ஏஜென்ட்.

கணக்கு எப்படி வரும் என்று பார்ப்போம். நெத்திலி வாங்கிய விலை 8.6 லட்சம் என்று வைத்துக்கொள்கிறேன். விற்பனை 11 லட்சம், கொள்முதல் 8.6, நிற்பது 2.4 லட்சம். பாக்கெட்டில் 7 லட்சத்துக்கு 15 சதவீதம் 1.05 லட்சம், அது மட்டும்தான் உங்கள் வருமானம். மீதி 5.95 லட்சம் உங்கள் பேங்க் கணக்கு வழியாகப் போனாலும் அது வீட்டுக்காரர்கள் பணம். ஆயிரம் ரூபாய் வந்த அன்றே 150 கமிஷன், 850 "வீட்டுக்காரர்களுக்குத் தர வேண்டியது" என்று எழுதிவிடுங்கள். கொடுக்கும்போது அந்த 850 கழிந்துவிடும். விற்பனையிலும் வராது, கொள்முதலிலும் வராது.

அப்போது வருமானம் 12.05 லட்சம், மொத்த லாபம் 3.45 லட்சம். எல்லாவற்றையும் 18 லட்சம் என்று காட்டினாலும் மொத்த லாபம் அதே 3.45 தான், ஒரு ரூபாய் கூடாது. ஆனால் லாப விகிதம் 28 சதவீதத்துக்கு மேலே இருந்தது 19க்கு இறங்கிவிடும். லோன் கொடுக்கிறவர் அதையும் பார்ப்பார். 18 லட்சம் கைமாறியது என்று அவருக்குத் தெரிய வேண்டுமென்றால் கணக்குக்குக் கீழே ஒரு குறிப்பாக எழுதுங்கள், அதில் தப்பே இல்லை.

இன்னொன்று. மார்ச் 31 அன்று உங்கள் வீட்டில் இருக்கும் பாக்கெட்டுகளை இறுதி இருப்பில் சேர்க்காதீர்கள். என்னிடம் வரும் கணக்குகளில் இந்தக் குழப்பம் இருக்கிறதா என்று நான் முதலில் பார்ப்பது அந்த இருப்புப் பட்டியலைத்தான். அடுத்தவர் சரக்கு அதற்குள் உட்கார்ந்திருந்தால் விற்பனையிலும் அது கலந்திருக்கும்.

உச்சிப்புளி, முண்டு மிளகாய் விற்பவர்: "பில் என் பேர்ல. விலையும் நான்தான் வைக்கிறேன். அப்ப நான் பிரின்சிபல்தானே, முழுசாக் காட்டலாமே? விவசாயிக்குக் கிலோ இவ்வளவுன்னு பேசிட்டு அதுக்கு மேல விக்கிறது எனக்கு. மிஞ்சுற மூட்டை அவருக்கே போயிரும்."

பாதி சரி தம்பி. விலை வைக்கும் அதிகாரம் பிரின்சிபலுக்கு ஒரு அடையாளம் என்று இந்த் ஏஎஸ் 115 என்ற வருமானக் கணக்கு விதி சொல்கிறது, மறுக்கவில்லை. அது சொல்லும் அடையாளங்கள் மூன்று: பொருளைச் சேர்ப்பிக்கும் பொறுப்பு யாருக்கு, சரக்கு தேங்கினால் நஷ்டம் யாருக்கு, விலை வைப்பது யார். ஆனால் இவை மூன்றுமே "சரக்கு யார் கட்டுப்பாட்டில் இருந்தது" என்பதைக் கண்டுபிடிக்கத் துணைதான், மூன்றுக்கு இரண்டு என்று ஓட்டு எண்ணுகிற விஷயம் இல்லை. ஏஜென்டுக்கும் விலையில் கொஞ்சம் சுதந்திரம் இருக்கலாம் என்று அதே விதி சொல்கிறது. விவசாயிக்கு ஒரு விலை பேசி, மேலே உள்ளதை நீங்கள் எடுத்துக்கொள்வது கமிஷனைக் கணக்கிட ஒரு வழி, அவ்வளவுதான். மிஞ்சின மூட்டை அவர் களத்துக்கே திரும்புகிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். என் பார்வையில் நீங்கள் ஏஜென்ட். நம்மைப் போன்ற சின்னக் கணக்குகளுக்கு இந்த் ஏஎஸ் கட்டாயமில்லை. ஆனால் பழைய கணக்கு விதியான ஏஎஸ் 9 எடுத்தாலும் ஏஜென்சியில் கமிஷன்தான் வருமானம் என்றே இருக்கிறது.

பில் விஷயத்தை இதோடு கலக்காதீர்கள். பில் யார் பேரில் என்பது ஜிஎஸ்டியில் பெரிய கேள்வி. 2018ல் வந்த 57ஆம் எண் சுற்றறிக்கை, ஏஜென்ட் தன் பேரில் பில் போடுகிறாரா என்பதைத்தான் உரைகல்லாக வைக்கிறது. அதோடு ஜிஎஸ்டி சட்டம் 22ஆம் பிரிவின் விளக்கத்தில், பதிவு வரம்புக்கான மொத்த விற்றுமுதலில் பிரின்சிபலுக்காகச் செய்த சப்ளையும் சேரும் என்று எழுதியிருக்கிறது. ஆக ஜிஎஸ்டியில் முழு விற்பனையும், வருமானக் கணக்கில் கமிஷனும் இருப்பது முரண்பாடு இல்லை. இரண்டு எண்ணும் எப்படிச் சேர்கிறது என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கோப்பில் வையுங்கள், நோட்டீஸ் வந்தால் அந்தப் பக்கம்தான் பேசும்.

சாயல்குடி, பனை ஓலைப் பெட்டி: "பெரிய ஆன்லைன் தளத்துல போட்டிருக்கேன். ஆயிரம் ரூபா பெட்டிக்கு எனக்கு 780 தான் வருது. விக்கிறது அவங்கதானே, அதனால 780ன்னு எழுதுறேன்."

இது தலைகீழ். இங்கே ஏஜென்ட் அந்தத் தளம், பிரின்சிபல் நீங்கள். பெட்டி உங்களுடையது, விலை உங்களுடையது, திரும்பி வந்தால் உங்கள் திண்ணைக்குத்தான் வரும். விற்பனை 1000 (ஜிஎஸ்டி அதற்குள் இருந்தால் அதைக் கழித்து), தளத்தின் கமிஷன், அனுப்பும் செலவு எல்லாம் சேர்ந்த 220 செலவுப் பக்கம். தளம் உங்களுக்கு டிடிஎஸ் பிடித்தால் அந்த 0.1 சதவீதம் 780க்கு இல்லை, மொத்தத் தொகைக்கு. அதனால் வருமான வரித் தளத்தில் உங்கள் ஏஐஎஸ் அறிக்கையில் 1000 என்றே நிற்கும், நீங்கள் 780 என்று ரிட்டர்ன் போட்டால் இடைவெளி பளிச்சென்று தெரியும்.

ராமேசுவரம், மீன் ஏலக் கமிஷன்: "நான் ஆன்லைன் இல்லண்ணே, ஆனா இப்ப வாட்ஸ்அப்ல போட்டோ போட்டு வெளியூர் வியாபாரிக்கும் விக்கிறோம். வியாபாரி காசு தராம இழுத்தாலும் போட்டுக்காரருக்கு நான் கொடுத்துரணும். ரிஸ்க் பூரா என் தலையில. அப்ப நான்தானே பிரின்சிபல்?"

உங்கள் தலையில் இருப்பது கடன் வராமல் போகும் ரிஸ்க். மீனின் ரிஸ்க் வேறு. ஏலத்தில் விலை போகாமல் மீன் கெட்டுப்போனால் யாருக்கு நஷ்டம்? போட்டுக்காரருக்கு. அப்போது மீன் உங்கள் கட்டுப்பாட்டுக்கு வரவே இல்லை. நீங்கள் நினைப்பதிலும் காரணம் இருக்கிறது; கடன் ரிஸ்க் ஒரு காலத்தில் பன்னாட்டுக் கணக்கு விதியில் அடையாளமாக இருந்தது, 2016 திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள். வராக்கடன் விழுந்தால் அதைத் தனியாக நஷ்டமாக எழுதுங்கள், அதற்காக மீன் முழுவதையும் உங்கள் விற்பனையாக்க வேண்டாம்.

வருமான வரித் துறையும் இந்த வேறுபாட்டை வெகுகாலமாகப் பார்க்கிறது. 1986ல் வந்த 452ஆம் எண் சுற்றறிக்கை கச்சா ஆடத்தியா, பக்கா ஆடத்தியா என்று வடக்கத்தி மண்டிக்காரர்களைப் பிரித்து, முதலாமவருக்குக் கமிஷன் மட்டுமே டர்னோவர், இரண்டாமவருக்கு முழு விற்பனை என்கிறது. நீங்கள் எந்த வகை என்பது போட்டுக்காரரோடு உங்கள் ஏற்பாட்டைப் பொறுத்தது. சீசனுக்கு முன் கொடுக்கும் அட்வான்ஸ் மட்டும் உங்களைப் பக்கா ஆக்காது. ஆனால் ஒரு விலைக்கு நீங்களே மீனை எடுத்துக்கொண்டு பிறகு விற்கும் நாள் இருந்தால், அந்த லாட்டுக்கு நீங்கள் பிரின்சிபல். அதைத் தனி நோட்டில் எழுதுங்கள்.

ராமநாதபுரம், பி.காம் படிப்பவர்: "லாபம் மாறலைன்னா எப்படிக் காட்டினா என்ன சார்?"

லாபம் மாறாது தம்பி, அதைச் சுற்றி இருக்கும் எல்லாம் மாறும். அமெரிக்காவில் கடைகளின் தள்ளுபடிக் கூப்பன்களை விற்கும் குரூப்பான் கம்பெனி, வந்த பணம் முழுவதையும் வருமானமாகக் காட்டியதை 2011ல் பங்கு வெளியிடும் முன் திருத்த நேர்ந்தது, 2010க்கான வருமானம் சுமார் 713 மில்லியன் டாலரிலிருந்து 313 மில்லியனாகச் சுருங்கியது. நம்மூர் அளவில் என்றால் வரித் தணிக்கை வரம்பு டர்னோவரை வைத்துத்தான். அப்புறம் 6 அல்லது 8 சதவீதம் லாபம் என்று எளிதாகக் காட்டும் வருமான வரித் திட்டம் கமிஷன் வருமானத்துக்கும் ஏஜென்சி தொழிலுக்கும் கிடையாது. தங்கச்சிமடம் அக்கா மாதிரி இரண்டும் கலந்திருந்தால் நெத்திலிக்காவது அது கிடைக்குமா என்பதில் ஒரே கருத்து இல்லை. ஏஜென்சி நடத்தும் ஆள் முழுவதுமே வெளியே என்று படிப்பவர்களும் இருக்கிறார்கள். நான் அந்த இடத்தில் ரிஸ்க் எடுக்கச் சொல்வதில்லை, முறையான கணக்கு வைக்கச் சொல்வேன்.

கீழக்கரையிலிருந்து: "எங்கிட்ட ஸ்டாக்கே கிடையாது. ஆர்டர் வந்தபிறகு ஓலைப் பின்னுறவங்ககிட்ட சொல்லுவேன், அவங்களே கூரியர்ல போட்டுருவாங்க. கஸ்டமருக்கு என் கடை பேரு மட்டும்தான் தெரியும், திரும்பி வந்தா நான்தான் எடுத்துக்கணும். முழுசா எழுதுறதா, வித்தியாசத்தை எழுதுறதா?"

கஷ்டமான கேள்வி பாய். சரக்கு உங்கள் கையில் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை, அது ஏஜென்ட் பக்கம் இழுக்கிறது. ஆனால் பெட்டி சரியில்லை என்றால் பதில் சொல்வது நீங்கள், திரும்பி வந்த பெட்டி உங்கள் தலையில், விலையும் உங்களுடையது. நான் முழு விற்பனை பக்கம் சாய்கிறேன்.

இன்னொரு கணக்காளர், பரமக்குடி: "இதை ஒத்துக்க முடியலை. ஸ்டாக் இல்லாதவர் எதைக் கட்டுப்படுத்தினார்? ரிட்டர்ன் எடுத்துக்கிறது கஸ்டமர் சர்வீஸ். கமிஷன்தான்."

உங்கள் வாதத்தில் பலம் இருக்கிறது சார். ஆனால் சரக்கு ரிஸ்க் என்பது விற்பதற்கு முன் மட்டும் பார்ப்பது இல்லை, திரும்பி வந்தால் யாருக்கு என்பதும் அதில் சேரும் என்று விதியிலேயே இருக்கிறது. எனக்கும் ஒரு விவரம் குறைகிறது, பாய் அதைக் கேட்டு எழுதட்டும்: பெட்டி பின்னி முடித்த பிறகு கஸ்டமர் ஆர்டரை ரத்து செய்தால், பின்னியவருக்கு நீங்கள் காசு கொடுத்தே ஆக வேண்டுமா? கொடுத்துவிட்டு அந்தப் பெட்டியை வேறு ஆளுக்கு அனுப்பச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் முழு விற்பனை என்பதில் எனக்குத் தயக்கம் இருக்காது. இல்லை, பின்னியவரே வேறு யாருக்காவது விற்றுக்கொள்வார் என்றால் பரமக்குடி சார் சொல்வதுதான் சரி, உங்கள் வருமானம் அந்த வித்தியாசம் மட்டுமே. இதுவரை ரத்தான ஆர்டர்களில் என்ன செய்தீர்கள் என்பதைப் பழைய வாட்ஸ்அப் உரையாடலிலிருந்து எடுத்து அனுப்புங்கள். வாய்ப்பேச்சில் உள்ள ஏற்பாட்டுக்கு இப்போதைக்கு அதுதான் ஒப்பந்தம்.